கொம்பு இடம் மாறிய கதை: போனில் தமிழ் எழுத்துரு ஏற்றும் முறை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்ன தலைப்பு போனில் தமிழ் எழுத்துரு ஏற்றுவது. நான் கம்ப்யூட்டர் படிச்சவ இல்லைங்க. எங்க குழு மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் விக்குது. அந்த பாட்டிலுக்கு ஸ்டிக்கர் போடப் போயி முந்நூறு ஸ்டிக்கரை வீணாக்குனவ நான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏன்னா எழுத்துருவைப் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டியது எல்லாம் அதுக்குள்ளயே இருக்குதுங்க.

ஸ்டிக்கர்ல வர வேண்டிய விவரத்தை நான் போனில் தமிழில் தட்டச்சு செய்து, வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பினேன். அவங்க அதை அப்படியே எடுத்து அவங்க கம்ப்யூட்டரில் ஒட்டி, பெரிய எழுத்தாக்கி, பச்சைக் கலர் பின்னணி கொடுத்து, மாதிரியைப் படமாத் திருப்பி அனுப்பினாங்க. நான் தோப்புல நின்னுட்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிட்டு போனைப் பார்த்தேன். கலர் நல்லா இருந்துது. "சரிங்க, அடிச்சிருங்க"ன்னு பதில் போட்டுட்டேன். ஒரு ஸ்டிக்கர் நாலு ரூபாய். முந்நூறும் வந்தாச்சு.

முதல் சந்தையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு பாட்டிலை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சுது. 'எண்ண' வரைக்கும் படிச்சுட்டு நின்னுக்கிச்சு. "அத்தை, இது என்ன எழுத்து?"ன்னு கேட்டுது. அப்பத்தான் பார்த்தேன். 'எண்ணெய்' என்ற சொல்லில் ண-வுக்கு முன்னாடி நிக்க வேண்டிய ஒற்றைக் கொம்பு, ண-வைத் தாண்டிப் போயி ய்-க்கு முன்னாடி நிக்குது. 'தேங்காய்' என்ற சொல்லிலும் அதே கதிதான். இரட்டைக் கொம்பு த-வுக்குப் பின்னாடி போயி ங்-கோட ஒட்டிக்கிச்சு. நான் தட்டச்சு செஞ்சது சரி. என் போனில் இன்னைக்கும் அந்தச் செய்தி சரியாத்தான் தெரியுது. அப்பறம் கொம்பு எப்படி இடம் மாறுச்சு?

அதுக்குப் பதில் தெரியணும்னா மூணு சாமானைப் பிரிச்சுப் பார்க்கணுமுங்க. நாம எல்லாத்தையும் சேர்த்து 'தமிழ் ஃபாண்ட்' என்கிறோம். உண்மையில் அவை மூன்றும் வேறு வேறு.

முதலாவது விசைப்பலகை, அதாவது கீபோர்டு. நாம விரலால் தட்டுவது அதைத்தான். இரண்டாவது குறியீடு. 'க' என்று தட்டினால் போனுக்குள்ளே 'க' என்ற படம் போய் உட்காருவதில்லை. 'க'-வுக்கு என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஓர் எண் இருக்கிறது. அந்த எண்தான் பதிவாகிறது. இந்த எண் பட்டியலுக்குப் பெயர் யூனிகோட். மூன்றாவதுதான் எழுத்துரு. அந்த எண்ணைப் பார்த்து, 'க' எப்படி இருக்க வேண்டும், தடித்தா, மெலிந்தா, வளைந்தா என்று வரைந்து காட்டுகிற கோப்பு அது.

நம்ம தையல் அக்காக்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். "முப்பத்தாறு சைஸ், பஃப் கை"ன்னு சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். அந்தச் சீட்டுதான் குறியீடு. அதைப் பார்த்துத் தைக்கிறவங்கதான் எழுத்துரு. ஒரே சீட்டைத் தொண்டாமுத்தூரில் கொடுத்தா ஒரு மாதிரி, பேரூரில் கொடுத்தா இன்னொரு மாதிரி ஜாக்கெட் வரும். சீட்டு மாறலை, தைச்ச கைதான் மாறுது.

வாட்ஸ்அப்பில் நாம் அனுப்புவது சீட்டு மட்டும்தான். ஜாக்கெட் போகறதில்லை. அந்தப் பக்கம் வாங்குகிற போன் தன்னிடம் உள்ள எழுத்துருவை வைத்துத் தைத்துக் கொள்ளும். அதனால்தான் உங்க போனில் எத்தனை அழகான எழுத்துரு ஏத்தி வெச்சாலும் வாட்ஸ்அப் செய்தியில் அது அடுத்தவங்களுக்குத் தெரியாது. "இங்கிலீஷில் மட்டும் சாய்வாவும் சுருளாவும் பேர் போடறாங்களே"ன்னு கேப்பீங்க. அது எழுத்துரு இல்லைங்க. யூனிகோட் பட்டியலில் கணக்குப் பாடத்துக்காக வைத்திருக்கிற வேறு வடிவ இங்கிலீஷ் எழுத்துகள் தனி எண்களோடு இருக்கின்றன. அதை எடுத்துப் போடறாங்க. தமிழுக்கு அப்படி இரண்டாவது வரிசை கிடையாது. ஆகவே 'ஸ்டைல் தமிழ் கீபோர்டு' என்று தேடி அலைய வேண்டாம்.

இப்ப என் ஸ்டிக்கருக்கு வாங்க. தமிழில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்தின் இணைக்கொம்பு மூன்றும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கின்றன. ஆனால் யூனிகோடில் பதிவாகும் வரிசை வேறு. முதலில் 'ண', அடுத்து கொம்பு. நாம் சொல்லும் ஒலி வரிசை அது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துருவும் அதை இயக்கும் மென்பொருளும் சேர்ந்து செய்கிற வேலை. எழுத்துருவுக்குள்ளே அதுக்கான விதி எழுதியிருக்கணும், மென்பொருளும் அந்த விதியைப் படிக்கத் தெரிஞ்சதா இருக்கணும். அச்சகத்தில் இருந்த பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. பதிவான வரிசையிலேயே வெச்சு வரைஞ்சிருச்சு. கொம்பு ண-வுக்குப் பின்னாடி வந்தது அப்படித்தாங்க.

சரி, அச்சகத்துக்காரங்க மத்த நோட்டீஸ் எல்லாம் நல்லாத்தானே அடிக்கிறாங்க? அவங்க பல வருசமா வெச்சிருக்கிற எழுத்துருவில் அவங்களே தட்டச்சு செய்தால் நல்லாத்தான் வரும். நான் போயி அந்த எழுத்துருவை வாங்கிட்டு வந்தேன். பாமினி என்று பேர். பல பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. போனில் படம் செய்கிற செயலியில் ஏத்தினேன். 'மஞ்சள்' என்று தமிழ்க் கீபோர்டில் தட்டினேன். எழுத்து கொஞ்சம்கூட மாறலை. பழைய போன் எழுத்து மாதிரியே இருந்துது. ஏறலைன்னு நெனச்சு மறுபடி மறுபடி ஏத்தினேன். அரை நாள் போச்சு.

கடைசியில் தற்செயலா இங்கிலீஷில் k என்று தட்டினேன். திரையில் 'ம' வந்துது! அப்பத்தான் விசயம் பிடிபட்டுச்சு.

பாமினி போன்ற எழுத்துருக்கள் யூனிகோட் பரவுவதற்கு முன்னால் வந்தவை. அன்றைய கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் எண்கள் மட்டும்தான் தெரியும். அதனால் k இருக்க வேண்டிய இடத்தில் 'ம' படத்தையும், m இருக்க வேண்டிய இடத்தில் 'அ' படத்தையும் வைத்து எழுத்துரு செய்தார்கள். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரிசை அது. பாமினியில் jkpo; என்று தட்டினால் 'தமிழ்' என்று தெரியும். kQ;rs; என்று தட்டினால் 'மஞ்சள்' என்று தெரியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் jkpo; தான் மிஞ்சும். போனின் தமிழ்க் கீபோர்டு அனுப்புவதோ உண்மையான தமிழ் எண்கள். பாமினியில் அந்த எண்களுக்கு எதிரே படமே கிடையாது. அதனால் போன் தன்னுடைய சொந்த எழுத்துருவை எடுத்துப் போட்டுக் கொள்கிறது. நமக்கு எழுத்துரு ஏறாத மாதிரியே தெரிகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினிக்கு ஒரு வரிசை, வானவில்லுக்கு ஒரு வரிசை என்று ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு ஒழுங்கு வைத்திருந்தது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். இதை ஒழுங்கு செய்ய 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 என்ற விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியீடுகளும் அதன் வழியாக அரசின் தரமாயின. பிறகு 2010 ஜூன் மாதம் 23 முதல் 27 வரை நம்ம கோயமுத்தூர் கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்துச்சே, ரோடெல்லாம் புதுசாப் போட்டாங்களே, நினைவிருக்குங்களா? அந்த மாநாட்டை ஒட்டித்தான் யூனிகோடைத் தமிழக அரசின் தரமாக அறிவித்தார்கள். கூடவே அச்சு போன்ற வேலைகளுக்கு டேஸ்16 என்ற குறியீட்டையும் ஏற்றார்கள். ஆக, நாம போனில் அடிக்கிற தமிழுக்கு அரசு முத்திரை விழுந்தது நம்ம ஊர் மாநாட்டிலதானுங்க. ஆனா அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கு. அந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கினதுதான் என் முந்நூறு ஸ்டிக்கர்.

அதனால் முதல் பாடம் இது. போனில் ஏற்றுவதற்கு எழுத்துரு எடுக்கும்போது அது யூனிகோட் எழுத்துருவா என்று பாருங்க. சோதனை ரொம்ப எளிது. எழுத்துருவை ஏற்றியதும் இங்கிலீஷில் k தட்டுங்க. 'ம' வந்தால் அது பழைய வகை. k என்றே வந்து, தமிழ்க் கீபோர்டில் தட்டிய எழுத்து மட்டும் வடிவம் மாறினால் அது யூனிகோட்.

இப்ப ஏத்தற முறையைச் சொல்றேன். ஆண்ட்ராய்டு போனில் போன் முழுக்கத் தெரிகிற எழுத்துருவை நம் விருப்பப்படி கோப்பு போட்டு மாற்ற முடியாது. சில கம்பெனி போன்களில் அமைப்புகளுக்குள் எழுத்து வடிவம் மாற்றும் இடம் இருக்கும். அதில் மாறுவது பெரும்பாலும் இங்கிலீஷ் மட்டும்தான். ஆகவே நாம் ஏற்றப்போவது போனுக்கு இல்லை, படம் செய்யும் ஒரு செயலிக்கு. நான் பயன்படுத்துவது பிக்சல்லேப்.

முதலில் எழுத்துரு எடுப்பது. போனின் பிரவுசரில் fonts.google.com என்று தட்டுங்க. மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் உள்ள எழுத்துருக்கள் மட்டும் வரும். அங்கே இருப்பதெல்லாம் யூனிகோட். முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவனம், கவிவனார், பாலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று பல இருக்கின்றன. கவிவனார் கையெழுத்து மாதிரி சாய்ந்திருக்கும். அழைப்பிதழுக்கு நல்லா இருக்கும். பாலூ தம்பி குண்டு குண்டாக இருக்கும். பலகாரப் பாக்கெட்டுக்குப் பொருந்தும். எண்ணெய் பாட்டிலுக்கு நான் எடுத்தது முக்த மலர். அதில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஏழு தடிமன் இருக்கிறது. பேரைத் தடிப்பாகவும் விவரத்தைச் சாதாரணமாகவும் ஒரே குடும்பத்திலேயே போட்டுக்கலாம். இங்கிலீஷும் அதே கோப்பில் அதே அளவுக்குப் பொருந்தி வருகிறது. உணவுப் பொருள் லேபிளில் கட்டாய விவரங்களை இங்கிலீஷிலோ இந்தியிலோ போட்டாகணும், தமிழைக் கூடுதலாகத்தான் போடலாம் என்பது விதி. ரெண்டு மொழியும் பக்கத்துப் பக்கத்துல வரும் என்பதால் இது முக்கியமுங்க. பாமினியில் இங்கிலீஷ் எழுத்தின் இடத்தைத் தமிழ் பிடித்துக் கொண்டதால் ஒரே எழுத்துருவில் இரண்டையும் எழுத முடியாது.

எழுத்துருவைத் தொட்டு Get font, பிறகு Download all என்று கொடுத்தால் ஒரு ஜிப் கோப்பு இறங்கும். ஜிப் என்றால் கட்டி வைத்த மூட்டை. மூட்டையோடு போட்டால் செயலி எடுத்துக்காது, அவிழ்க்கணும். போனின் Files செயலியில் Downloads பகுதிக்குப் போய் அந்த மூட்டையைத் தொட்டு Extract கொடுங்க. உள்ளே MuktaMalar-Regular.ttf, MuktaMalar-Bold.ttf என்ற மாதிரி கோப்புகள் வரும். .ttf அல்லது .otf என்று முடிவதுதான் எழுத்துரு. கூடவே OFL.txt என்று ஒன்று இருக்கும். அது உரிமச் சீட்டு. அதைப் பத்திப் பின்னாடி சொல்றேன்.

சில எழுத்துருவில் VariableFont என்று பெயரில் வரும் ஒரே கோப்பும், static என்ற ஒரு ஃபோல்டரும் இருக்கும். முதலாவது எல்லாத் தடிமனும் ஒன்றாக அடங்கியது. போன் செயலிகள் பலவும் அதில் ஒரு தடிமனை மட்டும்தான் காட்டும். "தடிச்ச எழுத்து எங்கே போச்சு"ன்னு தேடுவீங்க. static ஃபோல்டருக்குள்ளே இருக்கிற தனித்தனிக் கோப்புகளையே எடுத்துக்குங்க.

அடுத்தது செயலியில் ஏற்றுவது. பிக்சல்லேப்பில் ஓர் எழுத்துப் பெட்டியைத் தொட்டு, Font என்பதைத் திறந்து, My Fonts என்ற பகுதிக்குப் போங்க. அங்கே ஃபோல்டர் படம் இருக்கும். அதைத் தொட்டு, நீங்க அவிழ்த்த ஃபோல்டரைக் காட்டிக் கொடுங்க. கோப்புகளைப் படிக்க அனுமதி கேட்கும். இந்த வேலைக்கு அது தேவை. அவ்வளவுதான், எழுத்துருக்களின் பெயர் வரிசையாக வந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: அந்த ஃபோல்டரைப் பின்னால் நீங்க அழித்தாலோ வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ எழுத்துரு காணாமப் போகும். போனில் இடம் பத்தலைன்னு Downloads-ஐக் காலி பண்ணிட்டு, "எழுத்துரு ஓடிப்போச்சு"ன்னு வந்து நின்ன அக்கா நம்ம கூட்டத்திலேயே உண்டு. எழுத்துரு என்று தனி ஃபோல்டர் போட்டு வெச்சுக்குங்க.

கூட்டமைப்பில் ஐபேட் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ல் வந்த பதிப்பு முதல் அதில் எழுத்துரு ஏற்ற வழி இருக்கிறது. ஆப் ஸ்டோரில் எழுத்துரு ஏற்றும் செயலி ஒன்றைப் போட்டு, அதன் வழியாகக் கோப்பை நிறுவ வேண்டும். நிறுவியது Settings, General, Fonts என்ற இடத்தில் தெரியும். பேஜஸ் போன்ற செயலிகளில் அதைப் பயன்படுத்தலாம். அங்கேயும் திரை முழுக்கத் தெரிகிற எழுத்து மாறாது.

ஏற்றியாயிற்று. உடனே லேபிள் எழுதிறாதீங்க. முதலில் சோதனை வரி ஒன்றைத் தட்டுங்க. நான் இப்ப எந்தப் புது எழுத்துரு எடுத்தாலும் தட்டுவது இதுதான்:

கொப்பரைத் தேங்காய் எண்ணெய் ஸ்ரீ ₹250

ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காக இருக்கிறது. 'கொ' என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். 'ரை', 'தே', 'ணெ' மூன்றிலும் கொம்பு முன்னால் நிற்க வேண்டும். 'ஸ்ரீ' ஒரே கூட்டெழுத்தாக வர வேண்டும். ஸ், ரீ என்று பிரிந்து நின்றால் அந்த எழுத்துருவில் விதி குறைவு. கொம்பு இடம் மாறினாலும், எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டம் தெரிந்தாலும் அந்த எழுத்துருவும் அந்தச் செயலியும் ஒத்துப் போகவில்லை என்று அர்த்தம். புள்ளி வட்டம் என்பது "இந்தக் கொம்புக்கு உரிய எழுத்து எது என்று தெரியவில்லை" என்று மென்பொருள் சொல்லும் அடையாளம். சில சமயம் நம்ம தப்பாகவும் இருக்கலாம். கொம்பை இரண்டு முறை தட்டியிருந்தாலும் வட்டம் வரும். அழித்துவிட்டு ஒரு முறை புதுசாத் தட்டிப் பாருங்க. அப்பவும் வந்தா எழுத்துருவை மாத்திருங்க.

கடைசியில் இருக்கிற ரூபாய்க் குறி முக்கியமுங்க. இந்தக் குறியே 2010-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய எழுத்துருவில் அது இருக்காது. இல்லாவிட்டால் போன் வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போடும். பக்கத்தில் இருக்கும் எண்கள் தடிப்பாகவும் ₹ மட்டும் ஒல்லியாகவும் நின்னா கடன் வாங்கியதுன்னு தெரிஞ்சுக்கலாம். அப்போது 'ரூ.' என்று எழுதிவிடுவது நல்லது.

"பழைய எழுத்துரு ஒண்ணு ரொம்ப அழகா இருக்கு, விட மனசில்லை"ன்னா அதுக்கும் வழி உண்டு. தட்டிய தமிழை யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. 'மஞ்சள்' என்று கொடுத்தால் kQ;rs; என்று தரும். அதை நகலெடுத்துச் செயலியில் ஒட்டி, பாமினியைத் தேர்ந்தெடுத்தால் அந்த அழகு வரும். படத்துக்கு மட்டும் இது சரி. கணக்கு, தீர்மானம், கடிதம் எதையும் அப்படி வைக்காதீங்க. பின்னால் தேடினால் கிடைக்காது, எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஒண்ணும் புரியாது. அதே மாற்றி, பழைய நோட்டீஸ் கோப்புகளைத் திருப்பி யூனிகோடாக்கவும் உதவும். எந்த எழுத்துருவில் அடித்ததோ அந்தப் பெயரைச் சரியாகக் கொடுக்கணும். பாமினியை வானவில்னு கொடுத்தா கிறுக்கல்தான் வரும்.

இப்ப அச்சுக்குக் கொடுக்கிறது. இனிமேல் சீட்டைக் கொடுக்கக் கூடாது, தைச்ச ஜாக்கெட்டையே கொடுக்கணும். அதாவது தட்டிய எழுத்தை அனுப்பாமல் முடித்த படத்தை அனுப்பணும். படமாகிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் கொம்பை நகர்த்த முடியாது. ஆனால் படம் போதுமான அளவில் இருக்கணும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி என்பது கணக்கு. எங்க ஸ்டிக்கர் நாலு அங்குல அகலம், மூணு அங்குல உயரம். அப்படின்னா அகலம் 1200, உயரம் 900 புள்ளி. பிக்சல்லேப்பில் வேலை தொடங்கும் முன்பே Image size என்ற இடத்தில் இந்த எண்களைக் கொடுத்துடணும். சின்னதாச் செய்துட்டு கடைசியில் பெரிசாக்கினா எழுத்தின் ஓரம் மங்கிப் போகும். சேமிக்கும்போது பிஎன்ஜி வகையாகச் சேமியுங்க.

அனுப்பறதிலும் ஒரு விசயம் இருக்குதுங்க. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். இணைப்புக் குறியைத் தொட்டு Document என்ற வழியில் அனுப்புங்க. சுருங்காமல் போகும். அச்சகத்திலிருந்து மாதிரி வந்ததும் தோப்புல நின்னு பார்க்காதீங்க. நிழலுக்கு வந்து, விரலால் விரித்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கணும். தட்டச்சு செய்தவங்க படிச்சா தப்பு கண்ணில் படாது. மனசு சரியாவே படிச்சுக்கும். அதைப் பார்க்காத வேறு ஒருத்தர் வாய்விட்டுப் படிக்கட்டும். எங்க குழுவில் இப்போ அந்த வேலை ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பொண்ணோடது. அது தலையாட்டின பிறகுதான் நான் "சரி"ன்னு பதில் போடுவேன்.

கடைசியா ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, எழுத்துரு என்பது .ttf, .otf என்று முடியும் கோப்பு. 'தமிழ் ஸ்டைல் ஃபாண்ட்' என்று சொல்லி .apk என்று முடியும் ஒன்றை ஏதாவது தளம் இறக்கிக் கொடுத்தால் அது எழுத்துரு இல்லை, ஒரு செயலி. அது குறுஞ்செய்தி படிக்க, தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால் உடனே அழிச்சிருங்க. எழுத்து வரையறதுக்குக் குறுஞ்செய்தி எதுக்கு? நம்ம போனில்தான் குழுவின் வங்கிச் செயலியும் இருக்கு, ஓடிபியும் அதிலேதான் வருது. இருபது பேர் சேமிப்பு அந்த ஒரு போனுக்குள்ள இருக்குதுங்க.

ரெண்டு, உரிமம். மூட்டைக்குள்ளே OFL.txt இருந்தது என்று சொன்னேனே, அது திறந்த எழுத்துரு உரிமம். அந்த எழுத்துருவை விற்பனைப் பொருளின் லேபிளில் போடலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை, பிறருக்கும் கொடுக்கலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. வேறு இடத்தில் எடுக்கும் எழுத்துருவில் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்ற பொருளில் Personal use only என்று போட்டிருப்பார்கள். வீட்டு விசேச அழைப்பிதழுக்கு அது சரி. காசுக்கு விற்கிற எண்ணெய் பாட்டிலுக்குச் சரியில்லை.

எங்க புது ஸ்டிக்கர் ஒட்டின பாட்டில் அந்த மேசையில இருக்குது. பேர் முக்த மலர் தடிப்பில், விவரம் சாதாரணத்தில். போனில் பெட்டியும் கோடும் வரையப் பழகறதுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. எழுத்துரு ஏத்தறதுக்குப் பத்து நிமிசம்தான் ஆச்சு. பழைய முந்நூறில் மிச்சமானதை வீட்டு மளிகை டப்பாவுக்கு ஒட்டி வெச்சிருக்கேன். உளுந்து டப்பாவிலும் கொம்பு மாறின எண்ணெய்னுதான் இருக்கும். அதைப் பார்க்கறப்பெல்லாம், அடுத்த ஸ்டிக்கரை விரிச்சுப் பார்க்கணும்னு ஞாபகம் வருதுங்க.

விழா முடிஞ்சதும் அந்த மேசைக்குப் பக்கத்துலதான் இருப்பேன். போனைக் கொண்டாங்க, சோதனை வரியைத் தட்டிப் பார்த்துரலாம்.